ஒரே வீடியோ, மூணு வேகம்: டேஷ்கேமை வச்சு வண்டி வேகத்தைக் கணக்கு போடுவது எப்படி?

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ மாமா ஒரு மெமரி கார்டைக் கையில கொடுத்தார். "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, இதுல நான் எவ்வளவு ஸ்பீடுல போனேன்னு பார்த்துச் சொல்லு."

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, திண்டுக்கல் பக்கம் ஒரு மாநில நெடுஞ்சாலையில அவர் கார் போயிட்டிருந்தப்போ, பக்கத்துத் தோட்டத்து மண் ரோட்டுல இருந்து ஒரு பைக் திடீர்னு மெயின் ரோட்டுக்கு ஏறியிருக்கு. மாமா பிரேக் போட்டும் முட்டிருச்சு. பைக் ஓட்டின அண்ணனுக்குக் காலில் எலும்பு முறிவு. அவங்க வீட்டு ஆளுங்க "கார் தொண்ணூறுல வந்துச்சு"ன்னு சொல்றாங்க. மாமா "அம்பதுக்கு மேல போகவே இல்ல, மீட்டரைப் பார்த்தேன்"னு சொல்றார். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி 50 போர்டு இருக்கு. ஆக, ஆஸ்பத்திரிச் செலவுப் பேச்சு முழுக்க இந்த ஒரு நம்பர்லதான் வந்து நின்னுச்சு. மாமாவோட டேஷ்கேம்ல ஜி.பி.எஸ். கிடையாது. வெறும் வீடியோதான்.

அந்த வீடியோவில் இருந்து எனக்கு முதல்ல வந்த வேகம் 93. அடுத்து 69. கடைசியா 64. வீடியோ மாறல, கார் மாறல. என்னோட தப்புகள் ஒவ்வொண்ணா குறைஞ்சுது, அவ்வளவுதான். அந்தத் தப்புகள் என்னென்னன்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை.

அடிப்படை யோசனை

வேகம் = தூரம் ÷ நேரம். ஏழாங்கிளாஸ் பாடம். வீடியோவில் நேரம் பிரேம்களில் இருக்கு. தூரம் எங்கே இருக்கு? ரோட்டில் வரைஞ்சிருக்கு. நடுவில் விட்டு விட்டுப் போகும் வெள்ளைக் கோடு இருக்கே, அதில் ஒரு கோடும் அதற்கு அடுத்த இடைவெளியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கட்டுரையில் அதை ஒரு 'கட்டம்' என்று வச்சுக்குவோம். ஒரு கட்டத்தின் நீளம் தெரிந்தால், ரோடே நமக்கு ஒரு நீளமான ஸ்கேல்.

இதுல அழகான விஷயம் என்னன்னா, கேமராவோட லென்ஸ், கோணம், உயரம் எதுவும் நமக்குத் தெரிய வேண்டாம். கேமரா கண்ணாடியில் ஒட்டியிருக்கு, காரோட சேர்ந்தே நகருது. அதனால் திரையில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை எடுத்துக்கிட்டா, அது எப்போதும் காருக்கு முன்னால் அதே தூரத்தில் உள்ள ரோட்டைத்தான் காட்டும். ஒரு கோட்டின் முனை அந்தப் புள்ளியைத் தொடும் பிரேமையும், அடுத்த கோட்டின் முனை அதே புள்ளியைத் தொடும் பிரேமையும் குறிச்சுக்கிட்டா, இடையில் கார் சரியாக ஒரு கட்டம் நகர்ந்திருக்கு. அந்தப் புள்ளி காருக்கு நாலு மீட்டர் முன்னால் இருக்கா, ஐந்து மீட்டரா என்ற கேள்வியே வராது.

நான் எடுத்துக்கிட்ட புள்ளி, பானெட்டின் வலது ஓரம். நடுக்கோடு நமக்கு வலது பக்கம் இருப்பதால், ஒவ்வொரு கோட்டின் முனையும் அந்த ஓரத்துக்கு அடியில் போய் மறையும். மறையும் பிரேம் எதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம்.

தப்பு ஒண்ணு: அடுத்த நாட்டு ஸ்கேல்

எட்டுக் கட்டங்களை எடுத்துக்கிட்டேன். முதல் முனை மறைஞ்சது 412-வது பிரேம், கடைசி முனை மறைஞ்சது 525-வது பிரேம். வித்தியாசம் 113. கேமரா மெனுவில் நொடிக்கு 30 பிரேம்னு போட்டிருந்தது. 113 ÷ 30 = 3.77 நொடி.

கட்டத்தின் நீளத்துக்கு யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். கோடு 10 அடி, இடைவெளி 30 அடி, மொத்தம் 40 அடி, அதாவது 12.2 மீட்டர்னு சொன்னாங்க. எட்டுக் கட்டத்துக்கு 97.6 மீட்டர். 3.77 நொடியால் வகுத்தால் நொடிக்கு 25.9 மீட்டர். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 93 கி.மீ.

மாமா முகத்தைப் பார்க்க முடியல. எதிர்த் தரப்பு சொன்ன தொண்ணூறு அப்படியே வந்து நின்னுச்சு.

ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சப்போதான் உறைச்சது: அந்த 40 அடி அமெரிக்க ரோட்டுக் கணக்கு. நம்ம நாட்டில் ரோட்டுக் கோடுகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 35 என்ற விதித் தொகுப்பு இருக்கு. அதிலும் ஒரே அளவு கிடையாது. ரோட்டின் வகையைப் பொறுத்தும், நேரா வளைவா என்பதைப் பொறுத்தும் கோடும் இடைவெளியும் மாறும். அதுக்கு மேல, காகிதத்தில் இருக்கிற அளவுக்கும் பெயின்ட் அடிச்ச அண்ணன் நிஜமா அடிச்ச அளவுக்கும் வித்தியாசம் இருக்கும். பழைய கோடு பாதி அழிஞ்சு, அது மேலேயே புதுக் கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாம்.

அதனால் ஒரே வழி, அந்த இடத்துக்குப் போய் டேப் வச்சு அளக்கிறது. எந்தக் கோடுகள் வீடியோவில் வந்ததோ அதே கோடுகளை அளக்கணும். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? வீடியோவில் ஐந்தாவது கோட்டுக்கு நேரா இடது பக்கம் ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்தது, எட்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் தார் ஒட்டுப்போட்ட ஒரு சதுரம். அந்த ரெண்டையும் வச்சுக் கோடுகளை எண்ணிக்கிட்டோம். காலையில் ஆறு மணிக்கு, வண்டி அதிகம் இல்லாத நேரத்தில், ரெண்டு பக்கமும் ஆளை நிறுத்தி வச்சு, ரோட்டோரமா 30 மீட்டர் டேப் பிடிச்சு அளந்தோம். (நடு ரோட்டில் குனிஞ்சு அளக்காதீங்க. ஒவ்வொரு கோட்டு முனைக்கும் நேரா ஓரத்தில் சாக்பீஸில் குறிச்சுக்கிட்டு ஓரத்திலேயே அளந்தால் போதும்.)

தனித்தனி கட்டங்கள் 8.9 மீட்டரில் இருந்து 9.3 வரைக்கும் ஆடுச்சு. எட்டுக் கட்டமும் சேர்த்து 72.6 மீட்டர். புதுக் கணக்கு: 72.6 ÷ 3.77 = நொடிக்கு 19.3 மீட்டர், மணிக்கு 69 கி.மீ. ஸ்கேலை மாத்தினதிலேயே 24 கி.மீ. காணாமப் போச்சு.

வேலிக் கம்பத் தப்பு

இது நான் செஞ்சு, உடனே கண்டுபிடிச்ச தப்பு. ஆனா எல்லாருமே செய்வாங்க, அதனால சொல்லிடறேன். திரையில் நான் எண்ணினது ஒன்பது கோடு. ஒன்பது கோட்டின் முனைகளுக்கு இடையில் இருக்கிறது எட்டுக் கட்டம்தான். வேலியில் ஒன்பது கம்பம் நட்டால் நடுவில் எட்டு இடைவெளி இருக்கிற மாதிரி. ஒன்பதுன்னு போட்டால் வேகம் எட்டில் ஒரு பங்கு கூடிடும். அதாவது 64-ல போன வண்டி 72-ல போனதா காட்டும். பிரேமுக்கும் இதே கதைதான்: 412-ல் இருந்து 525 வரை 114 படங்கள் இருக்கு, ஆனால் நேரம் 113 பிரேம் இடைவெளிதான். கழித்தல் மட்டும் பண்ணுங்க, படங்களை எண்ணாதீங்க.

தப்பு ரெண்டு: மெனு சொன்ன 30

மாமாகிட்ட 69-னு சொல்லப் போற நேரத்தில், எங்க துறை சீனியர் ஒருத்தர்கிட்ட போன்ல பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "முப்பதுன்னு யார் சொன்னா?"

மெனுவில் இருக்கிற நம்பர் ஒரு வாக்குறுதி மாதிரி. நிஜத்தில் கேமரா வேற வேகத்தில் பதிவு பண்ணலாம். வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளி தேவைப்படுவதால், சில கேமராக்கள் தானாகவே பிரேம் எண்ணிக்கையைக் குறைச்சுக்கும். இந்த விபத்து நடந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல.

நல்ல வேளையா, வீடியோ ஃபைலுக்குள்ளேயே ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு நேர முத்திரை இருக்கு. அதைப் பார்க்க `ffprobe` போதும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries frame=pts_time -of csv=p=0 clip.mp4
```

ஒரு பிரேமுக்கு ஒரு வரி வரும், நொடிக் கணக்கில். பிரேம்களைத் தனித்தனி படமா எடுக்க இது:

```
ffmpeg -i clip.mp4 -fps_mode passthrough f_%04d.png
```

இதுல `passthrough` முக்கியம். அது இல்லைன்னா `ffmpeg` பிரேம்களைச் சீரா அடுக்கணும்னு நினைச்சு, சிலதை இரட்டிப்பாக்கும் அல்லது தூக்கிப் போடும். அப்புறம் பட எண்ணும் நேர முத்திரையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது.

நம்ம ஃபைலில் 412-வது வரியும் 525-வது வரியும் இப்படி இருந்தது:

```
14.945455
19.054545
```

வித்தியாசம் 4.11 நொடி. 3.77 இல்லை! 113 பிரேம் 4.11 நொடியில்னா, நொடிக்கு 27.5 பிரேம்தான்.

ஆனா ஃபைலே பொய் சொன்னா? கேமரா முத்திரையையும் தப்பா எழுதலாமே? அதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. டேஷ்கேம் வீடியோவின் கீழ் மூலையில் மணி ஓடும். நொடி எண் மாறும் ஒரு பிரேமைக் குறிச்சுக்கிட்டு, சரியா 60 நொடி கழிச்சு அது மாறும் பிரேமையும் குறிச்சேன். இடையில் 1650 பிரேம். 1650 ÷ 60 = 27.5. ஃபைலும் கடிகாரமும் ஒத்துப் போச்சு. திரையில் மணி ஓடாத கேமரான்னா, அதே மாதிரி வெளிச்சத்தில் அதே கேமராவை வச்சு ஒரு ஸ்டாப்வாட்சைப் படம் பிடிச்சுப் பாருங்க.

இதெல்லாம் கார்டில் இருக்கிற ஒரிஜினல் ஃபைலுக்குத்தான் பொருந்தும். வாட்ஸ்அப்பில் வந்த காப்பியை வச்சு அளக்காதீங்க. அது மறுபடியும் சுருக்கப்பட்டது. பிரேம் விட்டுப் போயிருக்கலாம், கோட்டு முனை மங்கலாகியிருக்கும்.

இப்போ கணக்கு: 72.6 ÷ 4.11 = நொடிக்கு 17.7 மீட்டர். மணிக்கு 64 கி.மீ.

எவ்வளவு நம்பலாம்?

"64"-னு மட்டும் சொன்னா அது பாதிப் பதில்தான். எவ்வளவு ஆடும்னும் சொல்லணும்.

இந்த வேகத்தில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கார் 64 செ.மீ. நகருது. கோட்டு முனை மறையும் தருணம் ரெண்டு பிரேமுக்கு நடுவில் எங்கேயோ நடக்கும், நமக்குத் தெரியாது. அதனால் மொத்தத்தில் ஒரு பிரேம் முன்னே பின்னே போகலாம். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அளந்தால் அதுக்கு 14 பிரேம்தான் ஆகும். 14-ல் ஒண்ணு தப்பினா ஏழு சதவீதம், அதாவது நாலரை கி.மீ. எட்டுக் கட்டத்தில் 113-ல் ஒண்ணு, ஒரு சதவீதம்கூட இல்லை. நீளமா அளந்தால் தப்பு கரையும்.

டேப் அளவில் முன்னே பின்னே 30 செ.மீ. வச்சுக்கலாம், அது அரை சதவீதத்துக்கும் கீழ. முனை மறையும் இடத்தைக் கண்ணால் முடிவு பண்றதில் இன்னும் கொஞ்சம். எல்லாத்தையும் மோசமா கூட்டினாலும் ஒன்றரை கி.மீ.க்குள்ள. நான் தாராளமா 64, கூடக் குறைய 2-னு எழுதினேன்.

பிரேக் போட்டதுக்கு அப்புறம்

அப்போ மாமா மீட்டரில் அம்பதைப் பார்த்தேன்னு சொன்னது பொய்யா? இந்தக் கேள்விதான் எனக்கு உறுத்தலா இருந்தது. அதுக்கான பதில் அடுத்த மூணு கட்டத்தில் இருந்தது.

முதல் எட்டுக் கட்டத்திலும் ஒவ்வொண்ணுக்கும் 14 பிரேம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் 15. வேகம் சீரா இருந்ததுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் வந்த மூணு கட்டத்துக்கு ஆன பிரேம்கள் 15, 18, 24. மூணும் 9.1 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டங்கள். கணக்கு போட்டால் சராசரி வேகம் முறையே 60, 50, 37 கி.மீ. வருது. அதாவது பிரேக்கில் கால் வச்சதுக்கு அப்புறம் மீட்டர் முள் அம்பதைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கு. பயத்தில் கண்ணில் பட்ட நம்பர் அதுவா இருக்க நிறைய வாய்ப்பு. மாமா பொய் சொல்லல, தப்பான நொடியைப் பார்த்திருக்கார்.

இதே காரணத்தால்தான் சீரா ஓடிய பகுதியையும் பிரேக் பகுதியையும் ஒண்ணா சேர்த்து அளக்கக் கூடாது. பதினோரு கட்டத்தையும் சேர்த்துப் போட்டால் 58-னு வரும். அது கணக்காகத் தப்பில்லை, சராசரிதான். ஆனால் "பிரேக்குக்கு முன்னாடி எவ்வளவு?" என்ற கேள்விக்கு அது பதில் கிடையாது. முதல்ல கட்டம் கட்டமா பிரேம் எண்ணிக்கையை எழுதுங்க. எண் ஏற ஆரம்பிக்கிற இடத்தில் கோடு கிழிச்சு ரெண்டாப் பிரிங்க.

இந்த மூணு எண்களில் இருந்து ஒரு சோதனையும் செய்யலாம். 60-ல் இருந்து 50, 50-ல் இருந்து 37-னு இறங்கிய விதத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு நொடிக்கும் வேகம் நொடிக்கு நாலரை மீட்டர் வீதம் குறைஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட அதே எண். காய்ந்த தார் ரோட்டில் பலமா பிரேக் போட்டால் இப்படி இறங்கும். இதுவே 15-னு வந்திருந்தால், எந்தக் காராலும் அப்படி நிற்க முடியாது, எங்கேயோ கோட்டைத் தப்பா எண்ணியிருக்கேன்னு தெரிஞ்சிருக்கும்.

பிரேக் பகுதியில் இன்னொரு சிக்கல்: காரின் மூக்கு கீழே குனியும், கேமராவும் கூடவே குனியும். "அதே புள்ளி, அதே தூரம்" என்ற நம்ம அடிப்படையே இங்கே ஆட்டம் காணும். கேமரா 1.3 மீட்டர் உயரத்தில் இருக்குன்னு வச்சுக்குவோம். ஒரு டிகிரி குனிந்தால், நாலு மீட்டர் முன்னால் இருக்கும் புள்ளி கால் மீட்டர்தான் நகரும். ஆனால் 15 மீட்டர் முன்னால் இருக்கும் புள்ளி ரெண்டரை மீட்டர் நகர்ந்துடும்! அதனால்தான் பானெட் ஓரம் மாதிரி பக்கத்தில் உள்ள புள்ளியை எடுக்கணும். தூரத்தில் தெரியும் கோடுகள் பார்க்க அழகா இருக்கும், அளக்க ஆகாது. பிரேக் பகுதி எண்களை நான் ரிப்போர்ட்டில் "தோராயம்"னே எழுதினேன்.

இந்த முறை சொல்லாதது

இது கேமரா பொருத்தின வண்டியோட வேகத்தை மட்டும்தான் சொல்லும். அந்த பைக் எவ்வளவு வேகத்தில் ஏறுச்சுன்னு இதே வழியில் சொல்ல முடியாது. அது கோடுகளுக்குக் குறுக்கா வந்தது, மண் ரோட்டில் ஸ்கேல் கிடையாது. முன்னாடி போற வண்டின்னா, அதன் பின் சக்கரம் ஒவ்வொரு கோட்டு முனையைத் தாண்டும் பிரேமையும் குறிச்சு இதே கணக்கைப் போடலாம். ஆனால் தூரம் கூடக் கூடச் சக்கரம் எங்கே தரையைத் தொடுதுன்னே தெரியாது. யார் மேல தப்பு என்பதையும் வேகம் மட்டும் முடிவு பண்ணாது.

நான் ஒரு பக்கத்தில் எல்லாத்தையும் எழுதினேன்: பிரேம் எண்கள், நேர முத்திரை, டேப் அளவு, 64 ± 2, பிரேக் பகுதி தோராயம். மாமா முதல்ல "அம்பத்தஞ்சுன்னு போட்டுக்கக் கூடாதா"ன்னு கேட்டார். "அவங்க வீட்டுலயும் ஒரு பையன் படிச்சிருப்பான் மாமா, அவனும் எண்ணிப் பார்ப்பான்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அந்தப் பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டு, கார்டைத் தனியா ஒரு கவரில் போட்டு எடுத்துக்கிட்டுப் போனார்.

பேச்சுவார்த்தையில் 90-ங்கிறதும் போச்சு, 50-ங்கிறதும் போச்சு. பைக் அண்ணன் பார்க்காம ஏறினதும் உண்மை, மாமா 50 போர்டைத் தாண்டி 64-ல வந்ததும் உண்மைன்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பங்கை மாமா ஏத்துக்கிட்டார். இப்போ அந்த ரோட்டில் அவர்கூடப் போனா, போர்டு வர்றதுக்கு முன்னாடியே கால் ஆக்சிலரேட்டர்ல இருந்து எழுந்துடுது. நான் ஜன்னல் வழியா கோடுகளை எண்ணிக்கிட்டு வர்றேன்.